புதிய வாடிக்கை நிறுவனத்தின் சரக்கு முற்றத்துக்கு முதலில் செல்லுங்கள்: தணிக்கைப் பங்குதாரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தணிக்கைப் பங்குதாரர்களுக்கு,

வணக்கம். புதிதாக ஏற்றுக்கொள்ளும் தணிக்கைகளின் திட்டக் கோப்புகளைப் பல ஆண்டுகளாக எழுதியும் சரிபார்த்தும் வரும் மேலாளர் என்ற முறையில் இம்மடலை உங்களுக்கு எழுதுகிறேன். அக்கோப்புகளில் ‘நிறுவனத்தையும் அதன் சூழலையும் அறிதல்’ என்ற பகுதி பெரும்பாலும் நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தும் சென்ற ஆண்டின் இயக்குநர் அறிக்கையிலிருந்தும் எடுத்தெழுதிய நான்கு பக்கங்களாக இருக்கிறது. அடுத்து வரும் இடர்ப் பட்டியலோ வேறொரு நிறுவனத்தின் கோப்பிலிருந்து வந்ததாக இருக்கிறது. இந்த இரண்டு பகுதிகளுக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லை என்பதே என் முறையீடு.

பன்னாட்டுத் தணிக்கைத் தரம் 315, 2019இல் திருத்தப்பட்டு, 2021 டிசம்பர் 15 அன்றோ அதற்குப் பின்னரோ தொடங்கும் கணக்குக் காலங்களுக்குப் பொருந்துகிறது. நிறுவனம் எவ்வாறு பணம் ஈட்டுகிறது, அதன் உரிமையாளர்கள் யார், எந்தத் துறையிலும் எந்த விதிகளுக்குக் கீழும் இயங்குகிறது, அதன் செயல்பாட்டை உள்ளேயும் வெளியேயும் எந்த அளவுகோல்களால் அளக்கிறார்கள், எந்தக் கணக்குக் கொள்கைகளைத் தேர்ந்திருக்கிறது ஆகியவற்றை அறியுமாறு அது சொல்கிறது. இவற்றை அறிவது, எந்தக் கணக்கில், எந்த வலியுறுத்தலில், என்ன காரணத்தால் பொருண்மையான தவறான கூற்று நேரக்கூடும் என்று கண்டுகொள்வதற்காகத்தான். காரணம் எழுதப்படாத இடருக்கு எதிராகத் திட்டமிடும் சோதனை, எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் தேடுவதாகவே முடியும்.

இதை விளக்க, நான் பொறுப்பேற்றிருந்த ஒரு தணிக்கையை எடுத்துக்கொள்கிறேன். நிறுவனம் அடையாளம் காணப்படாதபடி எண்களை மாற்றியிருக்கிறேன். அவற்றுக்கிடையிலான விகிதங்களைக் காத்திருக்கிறேன். அது விநியோகஸ்தர்கள் வழியாக நீர்ப் பம்புகள் விற்கும் உற்பத்தி நிறுவனம். நாங்கள் அதற்குப் புதியவர்கள். கணக்காண்டின் எட்டாவது மாதத்தில் திட்டமிடலைத் தொடங்கினோம். நான் ஒப்புதலுக்கு அனுப்பிய முதல் வரைவில் வருவாய் பற்றி ஒரே வரிதான் இருந்தது: ‘வருவாய் ஏற்பில் மோசடி இடர், தரம் 240இன் முன்அனுமானப்படி.’ அந்த வரி தவறானதன்று. ஆனால் எந்த நிறுவனத்தின் கோப்பிலும் அதை அப்படியே வைத்துவிடலாம். அதற்கு நாங்கள் எழுதியிருந்த சோதனையும் அப்படிப்பட்டதே: ஆண்டு முழுவதிலுமிருந்து இத்தனை விற்பனைச் சீட்டுகளை எடுத்து, அனுப்புகைச் சீட்டோடு ஒப்பிடுவது. அந்தச் சோதனையில் எந்தக் குறையும் வெளிப்பட்டிருக்காது, ஏனெனில் ஒவ்வொரு பம்பும் உண்மையாகவே வண்டியேறிப் போயிருந்தது.

எங்கள் குழுவின் இளநிலை உதவியாளர் ஒருவர் சரக்கு முற்றத்தைப் பார்க்கச் சென்றபோதுதான் நிலைமை மாறியது. முற்றத்தின் ஓர் ஓரத்தில், விநியோகஸ்தர்களின் ஒட்டுச்சீட்டு கிழிக்கப்படாத பெட்டிகள் தனியே அடுக்கப்பட்டிருந்தன. அவை என்னவென்று கேட்டதற்கு, விற்காமல் திரும்பி வந்தவை என்றும், விற்பனைத் துறை வரவுச் சீட்டுக்கு ஒப்புதல் தந்து அது கணக்குத் துறைக்குப் போன பிறகுதான் தன் இருப்பேட்டில் ஏற்றுவதாகவும் கிடங்குப் பொறுப்பாளர் சொன்னார். அந்த ஒப்புதல் சில வேளைகளில் பல வாரங்கள் தாமதமாகும் என்றும் சொன்னார். பெட்டிகள் கண்ணெதிரே இருக்க, ஏட்டிலோ அவை இல்லை. நிதித் தலைவரோடு நாங்கள் நடத்திய இரண்டு மணி நேர நேர்காணலில் இது ஒரு சொல்லாகக்கூட வரவில்லை. அவர் மறைத்தார் என்று சொல்லமாட்டேன். நாங்கள் கேட்கவில்லை, கேட்பதற்கு வேண்டிய அறிவு எங்களிடம் அப்போது இல்லை.

அங்கிருந்து ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு போனோம். விநியோகஸ்தர் ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தோம்: விற்காத பம்புகளை 90 நாட்களுக்குள் திருப்பித் தரலாம் என்று அதில் இருந்தது. விற்பனைத் துறைக்குச் சென்று, எந்த எண்ணை வைத்துத் தங்களை அளந்துகொள்கிறார்கள் என்று கேட்டோம். மாதந்தோறும் அனுப்பிய பம்புகளின் எண்ணிக்கைதான் அளவுகோல் என்றும், ஊக்கத்தொகையும் அதன்மீதே கணக்கிடப்படுகிறது என்றும் தெரிந்தது. விநியோகஸ்தர்கள் பயனாளர்களுக்கு எத்தனை விற்றார்கள் என்ற மாத அறிக்கையும் அதே துறையிடம் இருந்தது. தள்ளுபடித் திட்டங்களைக் கணக்கிடுவதற்காக அதை வாங்கி வைத்திருந்தார்கள். கணக்குத் துறை அதைப் பார்த்ததே இல்லை.

இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துச் சென்ற ஆண்டைப் பார்த்தோம். திரும்பி வந்தவை போக அனுப்பியவை 24,600 பம்புகள். முதல் பதினொரு மாதங்களில் மாதத்துக்குச் சராசரி 1,900. கடைசி மாதத்தில் மட்டும் 3,700. விநியோகஸ்தர்கள் விற்றதோ மாதத்துக்கு ஏறக்குறைய 1,850 என்று சீராக, ஆண்டுக்கு 22,200. அப்படியானால் ஓராண்டில் விநியோகஸ்தர்களின் கிடங்குகளில் 2,400 பம்புகள் கூடுதலாகத் தேங்கியிருக்க வேண்டும். நடப்பு ஆண்டின் முதல் இரண்டு மாதங்களில் 1,100 பம்புகள் திரும்பி வந்திருந்தன. சென்ற ஆண்டுக் கணக்கில், பல ஆண்டுச் சராசரி விகிதத்தை வைத்து, 300 பம்புகளுக்கு மட்டுமே திருப்பித்தரும் பொறுப்பு பதியப்பட்டிருந்தது.

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. பின்னர் 1,100 திரும்பி வந்தது என்பதால் மட்டும் முந்தைய மதிப்பீடு தவறாகிவிடாது. மதிப்பீடும் நடந்ததும் வேறுபடுவது இயல்பு. கணக்கை இறுதி செய்த நாளில் கையிலிருந்த தகவல் என்ன சொன்னது என்பதே கேள்வி. கடைசி மாத அனுப்புகையும் விநியோகஸ்தர்களின் விற்பனை அறிக்கையும் அன்றே நிறுவனத்துக்குள் இருந்தன. ஆகவே அந்த மதிப்பீடு தவறாக இருக்கக்கூடும் என்று ஐயுறப் போதிய காரணம் இருந்தது. திட்டமிடும் நிலையில் அவ்வளவே தேவை.

இது பெரிய தொகையா என்று பார்க்க, பம்பின் விற்பனை விலையையே அலகாக வைத்துக்கொள்வோம். வருவாயில் 0.8 விழுக்காட்டைப் பொருண்மை அளவாக எடுத்திருந்தோம். அது ஏறக்குறைய 200 பம்புகளின் மதிப்பு. குறைவாகப் பதிந்தவை 800 பம்புகள். மொத்த லாப விகிதம் 30 விழுக்காடு என்பதால் லாபத்தில் விளைவு 240 பம்புகளின் மதிப்பு. அதுவே பொருண்மை அளவைத் தாண்டுகிறது. இதோடு வங்கிக் கடன் ஒப்பந்தத்தையும் வைத்துப் பார்த்தோம். கடன், தேய்மானத்துக்கும் வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபத்தின் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. சென்ற ஆண்டு அந்த விகிதம் 2.9. லாபம் 2,460 பம்புகளின் மதிப்பு, கடன் ஏறக்குறைய 7,134. லாபத்திலிருந்து 240ஐக் கழித்தால் விகிதம் 3.2 ஆகிவிடுகிறது. ஆண்டுக் கடைசி மாதத்தில் பம்புகள் ஏன் அவ்வளவு அவசரமாக வண்டியேறின என்பதற்கான காரணங்களுள் ஒன்று இங்கே இருக்கக்கூடும். நிபந்தனை மீறப்பட்டு, கடனை உடனே திருப்பிக் கேட்கும் உரிமை வங்கிக்குக் கிடைத்தால், நீண்டகாலக் கடன் என்று காட்டியதை நடப்புப் பொறுப்பாக மாற்ற வேண்டியிருக்கும். முற்றத்து ஓரத்துப் பெட்டிகளிலிருந்து கடன் வகைப்பாடு வரைக்கும் நூல் நீண்டது.

இன்னொரு கிளையையும் சொல்ல வேண்டும். மின்சிக்கன விதி மாறவிருந்ததால் நிறுவனம் புதிய வகைப் பம்பை அறிமுகப்படுத்தத் தயாராகிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தவற்றுள் பெரும்பகுதி பழைய வகை. அவற்றை அடக்க விலைக்காவது மீண்டும் விற்க முடியுமா என்ற ஐயம், சரக்கிருப்பின் மதிப்பில் தனி இடராயிற்று.

பிறகு வருவாய் இடரை இப்படித் திருத்தி எழுதினோம்: ‘விநியோகஸ்தர்களுக்கு 90 நாள் திருப்பும் உரிமை உண்டு, ஊக்கத்தொகை அனுப்புகையின்மீது அமைகிறது, கடன் விகிதம் வரம்பை ஒட்டி நிற்கிறது, ஆகவே ஆண்டின் கடைசி மாதத்தில் மிகை அனுப்புகையால் வருவாய் கூடுதலாகவும், திருப்பித்தரும் பொறுப்பு குறைவாகவும் காட்டப்படக்கூடும்.’ தரம் கூறும் உள்ளார்ந்த இடர்க் காரணிகளான சிக்கல், அகநிலைத் தன்மை, மாற்றம், நிச்சயமின்மை, சார்புக்கோ மோசடிக்கோ இடங்கொடுக்கும் தன்மை ஆகியவற்றுள் குறைந்தது மூன்று இவ்வாக்கியத்தில் இருக்கின்றன. சோதனைகளும் அதற்கேற்ப மாறின. ஆண்டு முழுவதிலுமிருந்து மாதிரி எடுப்பதைக் குறைத்துக் கடைசி மாதத்தில் குவித்தோம். ஆண்டு முடிந்து 90 நாட்கள் வரை வந்த திரும்பல்களை, கணக்குத் துறையின் வரவுச் சீட்டிலிருந்து அன்றி, வாயில் பதிவேட்டிலிருந்து எடுக்கத் திட்டமிட்டோம். பெரிய விநியோகஸ்தர்களிடம் பாக்கித் தொகையோடு கையிருப்பு எண்ணிக்கையையும், திருப்புதல் பற்றிய தனி உடன்பாடு ஏதேனும் உண்டா என்பதையும் உறுதிப்படுத்தக் கேட்டோம். எங்களுக்கு இது முதல் ஆண்டு என்பதால், தொடக்க நிலுவைகளுக்கும் இதே கேள்வியை எழுப்ப வேண்டியிருந்தது: சென்ற ஆண்டு வருவாயைக் குறைத்திருக்க வேண்டிய திரும்பல்கள் இந்த ஆண்டு வருவாயைக் குறைத்திருந்தால், இரண்டு ஆண்டுகளும் பிழைபட்டவை. முந்தைய தணிக்கையாளரின் கோப்பை அந்தக் கேள்வியோடு பார்த்தது, கேள்வியின்றிப் பார்த்ததைவிடப் பன்மடங்கு பயன் தந்தது.

இவ்வளவுக்கும் கூடுதலாக ஆனது ஒருவருக்கு நான்கு நாட்கள். அந்த நாட்கள் எங்கள் நேர ஒதுக்கீட்டில் இல்லை என்பதே நான் உங்களிடம் கொண்டுவரும் குறை. புதிய தணிக்கைக்குக் கட்டணம் குறிக்கும்போது, தொடரும் தணிக்கைகளின் அளவிலேயே திட்டமிடும் நேரத்தையும் குறித்துவிடுகிறீர்கள். தொடரும் நிறுவனத்தில் சென்ற ஆண்டின் அறிவு நம்மிடம் இருக்கிறது. புதிய நிறுவனத்தில் அது சுழியம். முதல் ஆண்டுத் திட்டமிடலுக்குத் தனி ஒதுக்கீடு தாருங்கள். அதில் விற்பனைத் துறை, கிடங்கு, கடன் ஒப்பந்தம் ஆகிய மூன்றுக்கும் நாட்கள் இருக்கட்டும்.

குழுக் கலந்துரையாடலைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். எங்கள் கலந்துரையாடலில் கிடங்குக்குச் சென்ற அந்த இளையவரை முதலில் பேசவிட்டார் பொறுப்புப் பங்குதாரர். கடன் ஒப்பந்தத்தைப் படித்திருந்தவரோ பங்குதாரர்தான். இரண்டும் ஒரே மேசையில் சந்தித்திராவிட்டால், பெட்டிகள் கிடங்குப் பிரச்சினையாகவும் விகிதம் வங்கிப் பிரச்சினையாகவும் தனித்தனிக் காகிதங்களில் கிடந்திருக்கும். உங்களிற் பலர் இக்கலந்துரையாடலுக்கு வராமல், முடிந்த குறிப்பில் கையெழுத்து மட்டும் இடுகிறீர்கள் என்பதை மரியாதையோடும் வருத்தத்தோடும் சொல்கிறேன்.

அடுத்த முறை ஒரு புதிய நிறுவனத்தின் இடர்ப் பட்டியல் உங்கள் ஒப்புதலுக்கு வரும்போது, நிறுவனத்தின் பெயரை மறைத்துவிட்டு ஒவ்வோர் இடரையும் படித்துப் பாருங்கள். எந்தத் தொழில் என்று அவ்வாக்கியங்களிலிருந்து தெரியவில்லை என்றால், கையெழுத்திடாமல் எங்களுக்கே திருப்பி அனுப்புங்கள்.

பணிவன்புடன்,
ஒரு தணிக்கை மேலாளர்