மூன்று அளவும் எடுங்கள்: மின் பிரிவு அலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை வட்டாரத்தில் விவசாய மின் இணைப்புகளைக் கவனிக்கும் பிரிவுப் பொறியாளர்களுக்கும், போர்மேன், ஒயர்மேன் அனைவருக்கும், மோட்டார் காயில் கட்டும் பட்டறைக்காரர்கள் எழுதுவது. வணக்கம்.

"மோட்டார் சுடுகிறது, ரிலே அடிக்கடி விழுகிறது" என்று ஒரு விவசாயி புகார் கொடுத்தால், ஆள் வந்து மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு "வோல்ட்டேஜ் இருக்கிறதே" என்று சொல்லிப் போவது வழக்கமாக இருக்கிறது. பல நேரம் அது உண்மைதான், வோல்ட்டேஜ் இருக்கும். ஆனால் த்ரீ பேஸ் மோட்டாருக்கு வோல்ட்டேஜ் எவ்வளவு என்பதைவிட, மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதே பெரிய கேள்வி. ஒரு அளவை மட்டும் எடுத்தால் அது தெரியவே தெரியாது.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறோம். 5 எச்.பி. மோனோபிளாக், ஸ்டார் இணைப்பு, நேம் பிளேட்டில் 415 வோல்ட், 7.5 ஆம்பியர். மோட்டார் ஓடும்போது ஸ்டார்ட்டருக்கு உள்ளே வரும் முனைகளில் அளந்தால் ஆர்–ஒய் 408, ஒய்–பி 402, பி–ஆர் 378 என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீதக் குறைவைத் தாங்கும் 415 வோல்ட் மோட்டாருக்கு 373.5 வரை சரிதான். ஆகவே இந்த மூன்றில் எதைத் தனியாகப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

இப்போது மூன்றையும் கூட்டுங்கள்: 1188. மூன்றால் வகுத்தால் சராசரி 396. சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகுகிறது? 408 பன்னிரண்டு மேலே, 402 ஆறு மேலே, 378 பதினெட்டு கீழே. இவற்றில் பெரியது 18. மேலே விலகினாலும் கீழே விலகினாலும் ஒன்றுதான், அளவு மட்டுமே கணக்கு. 18-ஐ 396-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 4.5 சதவீதம். இதுதான் வோல்ட்டேஜ் சமனின்மை.

இந்தச் சின்னக் கணக்கிலேயே இரண்டு இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்க்கிறோம். சிலர் பெரியதில் சிறியதைக் கழித்து 30 என்று எடுத்து 7.6 சதவீதம் என்கிறார்கள். சிலர் 415-லிருந்து கழித்து 37 வோல்ட் குறைவு, 8.9 சதவீதம் என்கிறார்கள். இரண்டும் வேறு கணக்குகள். அந்த எண்ணைக் கொண்டுபோய் மோட்டார் தரநிலையின் திறன் குறைப்பு வரைபடத்தில் தேடினால் தவறான விடைதான் கிடைக்கும். அந்த வரைபடம் சராசரியிலிருந்து ஏற்படும் பெரிய விலகலை வைத்தே வரையப்பட்டது.

இன்னொன்று, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அளந்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். வீட்டு இணைப்புகள் ஒரு பேஸில் அதிகமாக ஏறி, நியூட்ரலில் ஒரு ஜாயின்ட் தளர்ந்திருந்தால், 250, 235, 215 என்று பயமுறுத்தும் அளவுகள் வரும். ஆனால் லைனுக்கும் லைனுக்கும் இடையே பார்த்தால் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கலாம். பம்பு மோட்டாருக்கு நியூட்ரல் கம்பியே போவதில்லை. அதற்குத் தெரிவது லைன்களுக்கு இடையே உள்ள வோல்ட்டேஜ் மட்டுமே.

4.5 சதவீதம் என்றால் கேட்பதற்குச் சின்ன எண். மோட்டாருக்குள் அது என்ன செய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சமமில்லாத மூன்று வோல்ட்டேஜ்களை, தமக்குள் மூன்றும் சமமாக இருக்கும் இரண்டு தொகுப்புகளாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்று ரோட்டாரை ஓட வேண்டிய திசையில் சுழற்றும் பெரிய காந்தப்புலம். மற்றொன்று எதிர்த்திசையில் சுழலும் சின்னக் காந்தப்புலம். செக்கு மாட்டை ஒருவர் முன்னே ஓட்டும்போது இன்னொருவர் வாலைப் பிடித்துப் பின்னே இழுப்பது மாதிரி. முன்னே போகும் புலத்தோடு ரோட்டார் ஏறக்குறைய சேர்ந்தே ஓடுவதால், அதன் பார்களில் சில ஹெர்ட்ஸ் கரண்ட் மட்டுமே தூண்டப்படும். எதிர்ப்புலமோ ரோட்டாரை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வெட்டுகிறது, அதாவது நூறு ஹெர்ட்ஸ் அளவில். அந்தப் புலத்தின் கண்ணுக்கு நம் மோட்டார், ஸ்டார்ட் ஆகாமல் பூட்டி நிற்கும் மோட்டாரைப் போலவே இருக்கிறது.

நின்ற நிலையில் மோட்டார் ஆறேழு மடங்கு கரண்ட் இழுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதே ஆறேழு மடங்குதான் இங்கேயும் வேலை செய்கிறது. வோல்ட்டேஜ் ஒரு சதவீதம் சமன் கெட்டால், முழு லோடில் கரண்ட் ஆறு முதல் பத்து சதவீதம் சமன் கெடும். 4.5 சதவீதத்துக்கு முப்பது சதவீதத்தை ஒட்டி வருவதில் வியப்பே இல்லை. நம் 5 எச்.பி. மோட்டாரில் டங் டெஸ்டர் போட்டால் 9.7, 7.2, 5.6 என்ற மாதிரி காட்டும். சராசரி அதே 7.5தான். ஆனால் 9.7 ஓடும் வைண்டிங்கில் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும். 9.7-ஐ 7.5-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.67. அந்த ஒரு பேஸ் காயில்களின் செம்பில் மட்டும் சூடு மூன்றில் இரண்டு பங்கு கூடுதல். பக்கத்து ஸ்லாட்டுகளில் இருக்கும் மற்ற காயில்கள் குளிர்ச்சியாக இருப்பதால் முழுமையாக ஈடுகட்ட முடியாது.

மொத்த மோட்டாரின் வெப்ப ஏற்றத்துக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: சமனின்மைச் சதவீதத்தை வர்க்கமாக்கி இரண்டால் பெருக்கினால், வெப்ப ஏற்றம் எத்தனை சதவீதம் கூடும் என்று கிடைக்கும். 4.5-க்கு ஏறக்குறைய 40 சதவீதம். சாதாரணமாக 70 டிகிரி ஏறும் வைண்டிங் இன்னும் 28 டிகிரி ஏறும். பத்து டிகிரி கூடினால் இன்சுலேஷன் ஆயுள் பாதி என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. அதன்படி 28 டிகிரிக்கு ஆயுள் ஏழில் ஒரு பங்கு. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் இருக்கும் மோட்டாருக்கு அதுவும் மிஞ்சாது.

இதனால்தான் தரநிலை, சமனின்மை கூடக்கூட மோட்டாரின் திறனைக் குறைத்துப் பயன்படுத்தச் சொல்கிறது. ஒரு சதவீதம் வரை பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். இரண்டு சதவீதத்தில் நேம் பிளேட் திறனில் 95 சதவீதம், மூன்றில் 88, நான்கில் 82, ஐந்தில் 75 வரைதான் சுமத்தலாம். ஐந்துக்கு மேல் மோட்டாரை ஓட்டவே கூடாது. நம் 4.5-க்கு ஏறக்குறைய 78 சதவீதம். அதாவது 5 எச்.பி. மோட்டாரை 3.9 எச்.பி. மோட்டாராக நினைத்துக்கொள்ள வேண்டும்.

பம்பில் இதை எப்படிச் செய்வது? டெலிவரி கேட் வால்வைக் கொஞ்சம் மூடினால் சாதாரண சென்ட்ரிபியூகல் பம்பில் லோடு குறையும், கரண்ட் இறங்கும். ஆனால் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எதிர்ப்புலத்துக்கான கரண்ட் லோடைப் பொறுத்தது அல்ல, வோல்ட்டேஜைப் பொறுத்தது. வால்வை மூடினால் சராசரி இறங்கும், அந்த இரண்டு ஆம்பியர் வித்தியாசம் அப்படியே நிற்கும். அதனால்தான் லோடு குறைந்த மோட்டாரில் கரண்ட் சமனின்மைச் சதவீதம் இன்னும் பெரிதாகத் தெரியும். வால்வை மூடுவது ஒரு போகத்தை ஓட்ட உதவும் தற்காலிக வழி. லைனைச் சரிசெய்வது உங்கள் கையில்தான் இருக்கிறது.

விவசாயிகள் செய்யும் தவறையும் மறைக்கவில்லை. 7.5-இல் வைத்த ஓவர்லோடு ரிலே 9.7-இல் விழும், விழத்தான் வேண்டும். தண்ணீர் பாய்ச்சும் அவசரத்தில் ரிலேவை 10-க்கு ஏற்றிவிடுகிறார்கள். பிறகு காயில் கருகி வந்து எங்கள் மேசையில் கிடக்கிறது. ஸ்டார் மோட்டாரில் ஒரு பேஸ் முற்றிலும் போயிருந்தால் இரண்டு பேஸ் காயில்கள் கருகி, ஒன்று புதிதாகவே இருக்கும். சமனின்மையில் ஓடியதென்றால் பெரும்பாலும் ஒரு பேஸ் மட்டும் கறுத்திருக்கும், மற்ற இரண்டில் வார்னிஷ் நிறம் மட்டும் மாறியிருக்கும்.

எனவே நாங்கள் கேட்பது இது. புகார் வந்தால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரே மீட்டரில், ஒரு நிமிடத்துக்குள் மூன்று லைன் அளவுகளையும் எடுங்கள். வோல்ட்டேஜ் ஆடிக்கொண்டே இருக்கும், ஆகவே இன்னும் இரண்டு முறை திரும்ப எடுங்கள். பிறகு அதே லோடில் டிரான்ஸ்பார்மரின் எல்.டி. பக்கத்திலும் எடுங்கள். அங்கே மூன்றும் சமமாக இருந்து கிணற்றடியில் மட்டும் கெட்டிருந்தால், இடையில் ஏதோ ஒரு கம்பியில் தளர்ந்த ஜாயின்ட், அரித்த லக், கருகிய பியூஸ் கட்டை இருக்கிறது. கரண்ட் ஓடினால்தான் அங்கே வோல்ட்டேஜ் விழும். மோட்டாரை நிறுத்திவிட்டு அளந்தால் மூன்றும் அழகாகக் காட்டும், புகாரும் பொய் என்று முடிந்துவிடும். டிரான்ஸ்பார்மரிலேயே கெட்டிருந்தால், ஒரே பேஸில் குவிந்த சிங்கிள் பேஸ் இணைப்புகளைப் பிரித்து மாற்ற வேண்டும், அல்லது டேப் சுவிட்ச் தொடர்பையும் எச்.டி. பக்கத்தையும் பார்க்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் இந்தச் சோதனை இன்னும் அவசியம். நீர்மூழ்கி மோட்டாரைத் தூக்கிப் பார்ப்பதே தனிச் செலவு.

"குற்றம் மோட்டாரில்தான்" என்று உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் தீர்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. மெயினை அணைத்துவிட்டு, ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளையும் ஒரே திசையில் ஒவ்வொரு இடம் நகர்த்துங்கள்: ஆர்-இல் இருந்தது ஒய்-க்கு, ஒய்-இல் இருந்தது பி-க்கு, பி-இல் இருந்தது ஆர்-க்கு. மூன்றையும் நகர்த்துவதால் சுழலும் திசை மாறாது. இரண்டை மட்டும் மாற்றினால் பம்பு தலைகீழாக ஓடும், கவனம். மறுபடி ஓட்டி டங் டெஸ்டர் போடுங்கள். அதிகக் கரண்ட் முன்பு இருந்த அதே சப்ளை லைனிலேயே நின்றால் குற்றம் சப்ளையில். மோட்டார் கம்பியோடு சேர்ந்து நகர்ந்தால் குற்றம் மோட்டாரில் அல்லது கேபிளில். அப்படியானால் எங்களிடம் அனுப்புங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

புகார்ப் பதிவேட்டில் "வோல்ட்டேஜ் சரி" என்ற இரண்டு சொல்லுக்குப் பதிலாக கிணற்றடியில் எடுத்த மூன்று எண்கள், டிரான்ஸ்பார்மரில் எடுத்த மூன்று எண்கள், மோட்டார் ஓடியதா நின்றதா என்ற குறிப்பு, வந்த சதவீதம் ஆகியவற்றை எழுதி, ஒரு நகலை விவசாயியிடம் கொடுங்கள். சதவீதம் இரண்டைத் தாண்டினால் அந்த லைனைச் சரிபார்க்கும் வேலையாகப் பதிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
மதுரை வட்டார மோட்டார் வைண்டிங் பட்டறைக்காரர்கள்