இ.எஃப். 60 என்று எழுதிக் கோப்பை மூடிவிடாதீர்கள்

இராமநாதபுரம் மாவட்டத்தில் எக்கோ அறைகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும், கீமோ எடுக்கும் நோயாளிகளை எங்களிடம் அனுப்பிவைக்கும் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

இந்தக் கடற்கரையில் 16 ஆண்டுகளாக எக்கோ எடுத்துவருகிறேன். மருந்து எழுதும் அதிகாரம் எனக்கில்லை. அதில் தலையிடும் எண்ணமும் இல்லை. ஆனால் மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும் பெண்களின் இதயத்தைத் திரையில் பார்ப்பவர்கள் நாங்கள். அந்தத் திரையில் கிடைக்கும் ஓர் அளவு பெரும்பாலான அறிக்கைகளில் இடம்பெறாமலே போகிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

மண்டபம் பக்கம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் ஒரு பெண், முதல் கீமோவுக்கு முன்பே எங்களிடம் அனுப்பப்பட்டார். அவர் ஹெர்2 வகை நோயாளி; முதலில் டாக்சோரூபிசின் நான்கு தவணை, பிறகு டிராஸ்டுசுமாப் என்று திட்டம். "மூச்சை விட்டுவிட்டு அப்படியே அடக்குங்கள்" என்றேன். மற்றவர்கள் நான்கைந்து துடிப்பில் திணறிவிடுவார்கள். அவரோ மூன்று கோணங்களையும் நான் எடுத்து முடிக்கும்வரை அசையாமல் கிடந்தார். அவ்வளவு தெளிவான படம் எனக்கு எப்போதாவதுதான் வாய்க்கும். அன்று இ.எஃப். 62. அறிக்கைகளில் விட்டுப்போவதாக நான் சொன்ன அந்த அளவு, குளோபல் லாங்கிட்யூடினல் ஸ்ட்ரெய்ன், அதாவது ஜி.எல்.எஸ்., மைனஸ் 20.5.

இ.எஃப். என்பது கொள்ளளவுக் கணக்கு. இடது கீழறையில் 100 மில்லி இரத்தம் நிறைந்து அதில் 62 மில்லி வெளியேறினால் இ.எஃப். 62. தசை எப்படிச் சுருங்கி அதை வெளியேற்றியது என்று அந்த எண் சொல்லாது. கீழறைச் சுவரின் உள்ளடுக்கில் உள்ள தசை நார்கள் பெரும்பாலும் அடியிலிருந்து நுனி நோக்கி நீளவாக்கில் ஓடுகின்றன. நடு அடுக்கு நார்கள் வளையமாகச் சுற்றி வருகின்றன. இந்தப் புற்றுநோய் மருந்துகளால் இதயத்துக்கு வரும் பாதிப்பு பல நேரங்களில் உள்ளடுக்கில்தான் முதலில் தெரிகிறது. நீளவாக்குச் சுருக்கம் குறையும்போது வளைய நார்கள் கூடுதலாக இறுக்கி ஈடுகட்டிவிடுவதால், வெளியேறும் இரத்தத்தின் அளவு குறைவதில்லை, இ.எஃப். அப்படியே நிற்கிறது. போதாக்குறைக்கு, சாதாரண இருபரிமாண எக்கோவில் ஒரே ஆளின் இ.எஃப். அளப்பவரையும் நாளையும் பொறுத்துப் பத்து புள்ளி வரை மாறக்கூடும். அப்படிப்பட்ட அளவுகோலால் மூன்று நான்கு புள்ளிச் சரிவை எப்படிப் பிடிப்பது?

ஜி.எல்.எஸ். பார்ப்பது அந்த நீளவாக்குச் சுருக்கத்தை. எக்கோ படத்தில் இதயத் தசை மணல் தூவியதுபோல் பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரியும். மென்பொருள் அந்தப் புள்ளிகளை ஒவ்வொரு படச் சட்டமாகப் பின்தொடர்ந்து, தசை தன் நீளத்தில் எத்தனை விழுக்காடு சுருங்குகிறது என்று கணக்கிடுகிறது. நீளம் குறைவதால் மைனஸ் குறி. நலமான இதயத்தில் அது மைனஸ் 20 அளவில் இருக்கும். மைனஸ் 20-இலிருந்து மைனஸ் 16 ஆவது சரிவு. "மைனஸ் 16 பெரிய எண்தானே, முன்னேற்றம்தானே" என்று ஓர் அறிக்கையைப் படித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். குறியை விட்டுவிட்டு வெறும் எண்ணைச் சொல்வதே நல்லது என்பது என் கட்சி.

நான்கு தவணை டாக்சோரூபிசின் முடிந்து அதே பெண் திரும்ப வந்தார். இ.எஃப். 60. பழைய வழக்கப்படி "நார்மல்" என்று எழுதி அனுப்பியிருக்கலாம். ஜி.எல்.எஸ். 16.4 காட்டியது. 20.5-இலிருந்து 4.1 குறைந்திருக்கிறது, முதல் அளவோடு ஒப்பிட்டால் 20 விழுக்காடு சரிவு. முதல் அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் அதை மெய்யான பாதிப்பாகக் கருத வேண்டும் என்று 2022-இல் வெளியான ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டுதல் சொல்கிறது; இ.எஃப். 50-க்குக் குறையாமல் இருந்தாலும் அது இலேசான இதயப் பாதிப்பு என்றே வகைப்படுத்தப்படுகிறது.

ஆனால் எண்ணைக் கண்டதும் அறிக்கை எழுதிவிடவில்லை. அன்று அவருடைய இரத்த அழுத்தம் 158/96. முதல் நாளில் 124/80. அழுத்தம் கூடினால் இதயம் கூடுதல் சுமைக்கு எதிராகச் சுருங்க வேண்டியிருப்பதால் ஜி.எல்.எஸ். தானாகவே குறையும். அழுத்தத்துக்கு மருந்து கொடுத்து, பத்து நாள் கழித்து அதே கருவியில் மீண்டும் எடுத்தோம். அழுத்தம் 126/80, ஜி.எல்.எஸ். 17.2. குறைவின் ஒரு பகுதி அழுத்தத்தின் வேலை; மீதி 16 விழுக்காடு தசையின் கணக்கு. இதை எழுதி அனுப்பிய பிறகு, அவருடைய மருத்துவர் இதயத்தைக் காக்க ஏஸ் தடுப்பான் ஒன்றும் பீட்டா தடுப்பான் ஒன்றும் தொடங்கினார். புற்றுநோய் மருந்து நிற்கவில்லை. நிறுத்தவும் தேவையில்லை, இந்த நிலையில் கண்டுபிடிப்பதன் பயனே அதுதான்.

இந்த அளவு எல்லாம் வல்லது என்று நான் சொல்லவில்லை. சக்கர் என்ற பன்னாட்டு ஆய்வில், ஜி.எல்.எஸ். பார்த்து இதய மருந்தை முடிவு செய்த குழுவில் ஓராண்டில் 5.8 விழுக்காட்டினருக்கும், இ.எஃப். பார்த்து முடிவு செய்த குழுவில் 13.7 விழுக்காட்டினருக்கும் இதயப் பாதிப்பு ஏற்பட்டது. மூன்றாம் ஆண்டு முடிவில் இரு குழுவினரின் இ.எஃப்.-இலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. படம் சரியில்லையென்றால் எண்ணும் பொய்யாகும். நுனி வெட்டுப்பட்ட படம், வினாடிக்கு 40 சட்டங்களுக்குக் குறைவான பதிவு, தசையைத் தாண்டி வெளியுறையையும் சேர்த்து இழுத்த கோடு ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். இடது மார்பகம் அகற்றியவர்களுக்குத் தழும்பின்மேல் புரோப் வைத்தாலே வலிக்கும்; நுனிப் படம் கிடைப்பது கடினம். ஒரே கோணத்தில் இரண்டுக்கும் மேற்பட்ட தசைத் துண்டுகளைக் கருவி பின்தொடரத் தவறினால், ஜி.எல்.எஸ். எழுதாமல் விடுவதுதான் நேர்மை.

சென்ற ஆண்டு வந்த இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருந்துகள் பாதியில் இருந்தபோது முதன்முறையாக எங்களிடம் வந்தார், ஜி.எல்.எஸ். 17.5. கீமோவுக்கு முன் வேறோர் ஊரில் எடுத்த எக்கோ அறிக்கையில் "இ.எஃப். 60, நார்மல்" என்ற ஒரே வரிதான். அங்கே கேட்டபோது படங்களை அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். 17.5 அவருடைய இயல்பா, 21-இலிருந்து சரிந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவருடைய மருத்துவரிடமும் அப்படியே சொன்னேன்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். டாக்சோரூபிசின் போன்ற ஆந்த்ராசைக்ளின் மருந்தோ டிராஸ்டுசுமாபோ தொடங்கும் ஒவ்வொருவருக்கும் முதல் தவணைக்கு முன்பே ஒரு ஜி.எல்.எஸ். எடுக்கச் சொல்லி அனுப்புங்கள். ஒரு நிறுவனத்தின் கருவி தரும் எண்ணை இன்னொரு நிறுவனத்தின் எண்ணோடு ஒப்பிட முடியாது. எனவே கருவியின் பெயரையும் மென்பொருளின் பதிப்பையும் அன்றைய இரத்த அழுத்தத்தையும் அறிக்கையிலேயே எழுதச் செய்யுங்கள். மூன்று நுனிக் கோணங்களின் மூலப் பதிவையும் குறுந்தட்டிலோ பென்டிரைவிலோ நோயாளியிடம் கொடுங்கள். அவர்கள் மதுரைக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே பேருந்தில் அலைபவர்கள். அடுத்த எக்கோவை எந்த ஊரில் எடுப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

இப்படிக்கு,
எக்கோ டெக்னீஷியன் ஒருவர்,
இராமநாதபுரம் கடற்கரை