மடிப்பை விரித்துப் பார், பிள்ளை

கோண்டாவில்,
ஞாயிற்றுக்கிழமை இரவு.

அன்பு மகளுக்கு,

நீ வட்சப்பில் அனுப்பிய மூன்று படங்களையும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வடிவாகப் பார்த்தேன். தலைப் படம், முகப் படம், குண்டிப் படம். போனில் கதைத்தபோது நீ அழுத அழுகையில் ஒன்றையும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். 31 வருடம் குடும்பநல உத்தியோகத்தராகச் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் பார்த்த அனுபவத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இரவில் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது ஆறுதலாக வாசி.

முதலில் தலை. உச்சியிலும் புருவத்திலும் மஞ்சளாய், எண்ணெய்ப் பிசுக்காய் ஒட்டியிருக்கும் பொருக்கு அழுக்கு இல்லை. நீ முழுக வார்க்கிறது சரியில்லை என்று யாராவது சொன்னால் காதில் போடாதே. வயிற்றில் இருந்தபோது உன்னிடமிருந்து போன ஹோர்மோன்கள் பிறந்த பிறகும் கொஞ்சக் காலம் பிள்ளையின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டிக்கொண்டிருக்கும். அந்த எண்ணெயில், எல்லார் தோலிலும் இருக்கும் ஒரு சின்னப் பங்கசு பெருகும். இரண்டாவது, மூன்றாவது கிழமையில் தொடங்கும். பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானாகப் போய்விடும். அது பிள்ளைக்குக் கடிக்காது, நோகாது. பார்க்கிற எங்களுக்குத்தான் மனம் பொறுக்காது.

நகத்தால் உரிக்காதே. உரித்த இடம் புண்ணாகி, அதற்குள் கிருமி போனால்தான் உண்மையான கரைச்சல். குளிக்க வார்க்கக் கால் மணித்தியாலம் முந்தி நாலைந்து துளி தேங்காய் எண்ணெயை மெல்லப் பூசி, ஊறிய பிறகு குழந்தைச் சீப்பால், மிருதுவானதாகப் பார்த்து, வருடி விடு. பிறகு குழந்தைகளுக்கான ஷாம்புவால் எண்ணெய் முழுக்கப் போகக் கழுவு. இங்கே நாங்கள் பிள்ளையின் தலையில் எண்ணெயை வைத்தபடியே நாள் முழுக்க விடுவோம். இந்தப் பொருக்குக்கு அது கூடாது, அந்தப் பங்கசு எண்ணெயைத் தின்றுதான் வளர்கிறது. ஒலிவ் எண்ணெயும் வேண்டாம். காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் சிவந்து, நீர் கசிந்து, கெட்ட மணம் வந்தால் மட்டும் டொக்டரிடம் காட்டு.

முகத்தில் இருப்பது பால்பரு. சின்னக்கா போன் எடுத்து, நீ இறால் சாப்பிட்டதால்தான் பால் கெட்டுப் பரு வந்தது என்று சொன்னாளாம். அவள் பாசத்தில் சொல்கிறாள், ஆனால் அது பிழை. பெயரில்தான் பால் இருக்கிறதே தவிர, உன் பாலுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இறாலையும் கத்தரிக்காயையும் விட்டுவிட்டு வெறும் சோறும் ரசமுமாய்க் கிடக்காதே, பாலை நிறுத்தவும் நிறுத்தாதே. சாதாரண தண்ணீரால் முகத்தைத் துடை. பயற்றம் மா போட்டுத் தேய்க்காதே, எண்ணெய் பூசாதே, பிதுக்காதே. மூன்று நாலு மாதத்துக்குள் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். பால் வழிந்து கழுத்து மடிப்பில் நிற்கிற ஈரத்தை மட்டும் அவ்வப்போது ஒற்றி எடு, அங்கே அவிந்து சிவக்கும்.

இனி குண்டிப் படம். இதற்காகத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

நீ எடுத்த படத்தில் இரண்டு பக்க மேடும் சிவந்திருப்பது தெரிகிறது. ஆனால் தொடையிடுக்கு மடிப்பு தெரியவில்லை. எனக்கு வேண்டியது அந்த மடிப்புத்தான்.

ஏன் என்று சொல்கிறேன். சாதாரண நாப்பிப் புண் ஈரத்தால் வருவது. சலத்திலும் மலத்திலும் ஊறிய தோல் மெலிந்துபோகும், மலத்தில் இருக்கும் செரிமானச் சாறு அதை அரிக்கும். நாப்பி எங்கே அழுத்தி உரசுகிறதோ அங்கே சிவக்கும்: குண்டி மேடு, தொடையின் உட்புறம், அடிவயிறு. மடிப்புக்குள் தோல் ஒன்றோடொன்று ஒட்டி ஒளிந்திருப்பதால் நாப்பி அங்கே படாது. அதனால் மடிப்பை விரித்தால் உள்ளே நல்ல தோல் வெளிறிய கோடாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் பயமில்லை, வீட்டிலேயே மாற்றலாம்.

பங்கசுப் புண் மற்ற மாதிரி. அதற்கு மடிப்புத்தான் வீடு. ஈரமும் சூடும் இருட்டும் அங்கேதானே இருக்கிறது. மடிப்பின் அடிவரைக்கும் இறைச்சி மாதிரிச் சிவந்து, விளிம்பு வெட்டிவிட்டதுபோல இருக்கும். அந்த விளிம்புக்கு வெளியே தனித்தனியாய்ச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் சிதறியிருக்கும். எங்கள் பிள்ளைகளின் நிறத்தில் சிவப்பு எப்போதும் சிவப்பாகத் தெரியாது. கருமையாய், கத்தரிப்பூ நிறமாய்த் தெரியலாம். பிள்ளையின் முதுகுத் தோலோடு ஒப்பிட்டுப் பார்.

சுன்னாகத்துப் பக்கம் ஒரு வீட்டில் கண்டதை நான் இன்னும் மறக்கவில்லை. நல்ல பங்குனி வெயில். மூன்று மாதப் பிள்ளை. நெஞ்சுச் சளிக்கு ஐந்து நாள் அன்ரிபயோற்றிக் குடித்து முடித்திருந்தது. மருந்து முடிந்த கையோடு குண்டி சிவந்தது. அம்மம்மா பவுடர் போட்டா. நிற்கவில்லை. பிறகு சிங்க் கிரீம், ஒன்பது நாள் விடாமல். அதற்கும் நிற்கவில்லை. கடைசியில் தகப்பன் ஒரு பாமசியில் போய்ச் சொல்லி, டொக்டரின் துண்டு இல்லாமலே ஒரு கிரீம் வாங்கி வந்தார். பூசி இரண்டு நாளில் சிவப்பு நல்லாய்க் குறைந்ததாம். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஐந்தாம் நாள் முன்னையதைவிட அகலமாய்த் திரும்பி வந்தது.

நான் போன அன்று பிள்ளையைப் பாயில் கிடத்தி, காலை மெல்ல விரித்துப் பார்த்தேன். மடிப்பு முழுக்கச் சிவப்பு, சுற்றிவரப் புள்ளிகள். பிறகு வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் அப்பினதுபோல வெள்ளை. பால் படிந்ததென்றால் ஈரத் துணியால் துடைக்கப் போகும், அது போகவில்லை. தாயைக் கேட்டேன். பால் கொடுக்கும்போது முலைக்காம்பு எரிகிறது, பத்து நாளாய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்கிறேன் என்று அழுதாள். ஒருவரும் அவளிடம் அதைக் கேட்கவே இல்லை.

நடந்தது இதுதான். அன்ரிபயோற்றிக் நெஞ்சுக் கிருமியோடு சேர்த்து, பங்கசை அடக்கி வைத்திருந்த நல்ல கிருமிகளையும் கொன்றுவிட்டது. பங்கசு வாயிலும் குடலிலும் பெருகி, மலத்தோடு மடிப்புக்கு வந்து சேர்ந்தது. சிங்க் கிரீம் ஈரத்தைத் தடுக்குமே தவிர, பங்கசைக் கொல்லாது. கடைக் கிரீமின் பெட்டியை வாங்கி வாசித்தேன், அதில் ஸ்ரெரொயிட் இருந்தது. ஸ்ரெரொயிட் சிவப்பை அமர்த்தும், ஆனால் தோலின் எதிர்ப்பையும் சேர்த்து அமர்த்திவிடும். பங்கசுக்கு அது வசதி. நாப்பிக்குள் மூடிக்கிடக்கும் தோல் மருந்தைக் கூடுதலாக உறிஞ்சும், நாள்போகத் தோலும் மெலிந்துவிடும். அதனால் டொக்டர் பார்த்துச் சொல்லாமல் அப்படி ஒரு கிரீமை உன் பிள்ளையின் குண்டிக்குக் கொண்டுபோகாதே. உன் மாமியார் தந்தாலும் மரியாதையாக வாங்கி வைத்துவிடு.

அந்தப் பிள்ளையைக் கிளினிக்குக்கு அனுப்பினேன். டொக்டர் குண்டிக்குப் பங்கசுக் கிரீமும், வாய்க்குத் துளி மருந்தும், தாயின் காம்புக்கும் மருந்தும் ஒன்றாகத் தந்தார். ஒருவருக்கு மட்டும் தந்திருந்தால் தாயும் பிள்ளையும் மாறி மாறித் தொற்றிக்கொண்டே இருப்பார்கள். நாலாம் நாள் போய்ப் பார்த்தேன், விளிம்பு மங்கிவிட்டது. அதோடு மருந்தை விட்டுவிடாமல், டொக்டர் சொன்ன நாள்வரைக்கும் பூச வைத்தேன். மாறிய இடம் சில கிழமை வெளிறிக் கிடந்தது. அதைத் தேமல் என்று பயந்தார்கள். அது தோல் நிறம் திரும்ப எடுக்கும் காலம்தான்.

சரி, உன் பிள்ளைக்கு இப்போது செய்யவேண்டியதைச் சொல்கிறேன். மலம் போனால் உடனே நாப்பியை மாற்று, சலத்துக்கும் நிரம்பும்வரை காத்திருக்காதே. வாசனைத் துடைப்புத் தாள் வேண்டாம், இளஞ்சூட்டுத் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடை, பிறகு தேய்க்காமல் ஒற்று. ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை, பத்துப் பதினைந்து நிமிடம், பழைய பருத்தித் துணியை விரித்து நாப்பி இல்லாமல் கிடத்து. அங்கே குளிர் என்பாய், அறையைச் சூடாக்கிவிட்டுக் கிடத்து. அப்புறம் சிங்க் கிரீமைத் தோல் தெரியாத அளவுக்குத் தடிப்பாகப் பூசு. அடுத்த முறை மாற்றும்போது மேலே உள்ள அழுக்கை மட்டும் எடுத்தால் போதும், கிரீமை அடிவரை உரஞ்சி எடுக்கத் தேவையில்லை. உரஞ்சினால் புதுத் தோலும் சேர்ந்து போய்விடும். பவுடர் வேண்டவே வேண்டாம். அந்தத் தூள் பிள்ளையின் சுவாசத்தோடு நெஞ்சுக்குள் போகும்.

இப்படிச் செய்தால் மூன்று நாளில் குறையத் தொடங்கவேண்டும். குறையாவிட்டால், அல்லது மடிப்புக்குள் இறங்கினால், கிரீமை மாற்றி மாற்றிப் பார்க்காமல் டொக்டரிடம் போ. போகும்போது வாயையும் உன் காம்பையும் பற்றிச் சொல்ல மறக்காதே.

சிலவற்றுக்கு மூன்று நாளும் காத்திருக்கக் கூடாது. நீர் கோத்த கொப்புளம், சீழ், தேன் காய்ந்ததுபோல மஞ்சள் பொருக்கு, தோல் உரிந்து வருவது, இவற்றில் ஒன்றைக் கண்டால் அன்றைக்கே காட்டு. ஊதா நிறப் புள்ளிகள் வந்து, கண்ணாடிக் குவளையால் அழுத்தியும் மறையாவிட்டால் நேரே ஆஸ்பத்திரிதான். பிள்ளைக்கு இப்போது ஏழு கிழமை. மூன்று மாதத்துக்குள் 38 பாகை காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, தோலில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஓடவேண்டும். இரவென்று பார்க்காதே, மருமகனை எழுப்பு.

நாளைக் காலையில் யன்னலோரம் வெளிச்சத்தில் பிள்ளையைக் கிடத்தி, பிளாஷ் போடாமல், காலை விரித்து மடிப்பு தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு. அதோடு நாக்கையும் ஒரு படம். இங்கே அப்போது இரவாகியிருக்கும், பரவாயில்லை. நான் முழித்திருந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா