பலகையை அழிக்க முதல் எங்களுக்கு ஒரு நிமிஷம் தாருங்கள்

வெள்ளவத்தையில் நாங்கள் படிக்கும் கல்வி நிலையத்தின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். வகுப்பில் போனை வெளியே எடுக்கக் கூடாது, பலகைப் படங்களை அலுவலகமே எடுத்து வட்ஸ்அப் குழுவில் போடும் என்று நீங்கள் ஒட்டிய அறிவித்தலைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது ஏன் வந்தது என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். சிலர் வகுப்பு நடக்கும்போதே வீடியோ எடுத்து வெளியே அனுப்பினார்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதற்காகப் போன ஞாயிறு இணைந்த கணித வகுப்பில் பலகையைப் படம் எடுத்த பிள்ளையை எழுப்பி, எல்லோர் முன்னாலும் படத்தை அழிக்க வைத்தது நியாயமில்லை. அவள் படிப்பிக்கிற சேரை எடுக்கவில்லை, பலகையைத்தான் எடுத்தாள்.

அன்றைய பாடம் தொடர்பு வேகம். அதில் எல்லாக் கணக்கும் தொடங்குகிற வரி இதுதான்:

V(A,B) = V(A,E) + V(E,B)

A-யும் B-யும் நகர்கிற இரண்டு பொருள், E பூமி. சேர் இந்த A, B, E எல்லாவற்றையும் V-க்குக் கீழே சின்னதாகத்தான் எழுதுவார், எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள். அன்று இரவு நீங்கள் குழுவில் போட்ட படத்தில் அந்தச் சின்ன எழுத்துகளில் E எது, B எது என்று தெரியவில்லை. கடைசி வரிசையில் இருந்து முன்னால் இருப்பவர்களின் தலைகளுக்கு இடையால் எட்டிப் பார்த்து எழுதுகிற என் தோழி, விட்ட இடங்களை அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நிரப்பினாள். இரண்டு இடத்தில் E-யை B என்று எழுதியிருக்கிறாள். வேக முக்கோணத்தில் ஒரு பக்கம் மாறிப் போனது, அதற்குப் பிறகு வந்த கணக்கு ஒன்றும் விடைக்கு வரவில்லை. தனக்குப் பாடம் விளங்கவில்லை என்று நினைத்து கிழமை முழுக்க அழுதுகொண்டிருந்தாள். பிழை அவளிடம் இல்லை, படத்தில் இருந்தது.

ஏன் அப்படி வந்தது என்று கொஞ்சம் கேளுங்கள். எங்கள் மண்டபத்துப் பலகை கிட்டத்தட்ட 16 அடி நீளம். அலுவலகத்து அண்ணா அதை முழுசாக ஒரே படத்தில் எடுத்து, வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்புகிறார். வட்ஸ்அப் அதைச் சுருக்கி, நீளப் பக்கத்தில் சுமார் 1600 புள்ளிகளுக்குக் கொண்டுவந்துவிடும். 16 அடி என்றால் ஏறத்தாழ 490 சென்ரிமீற்றர். அப்படியானால் ஒரு சென்ரிமீற்றருக்கு மூன்று புள்ளிதான் மிஞ்சும். 2 சென்ரிமீற்றர் உயரமான ஒரு சின்ன E-க்கு ஆறு, ஏழு புள்ளி. அதற்குள் E-யின் மூன்று கோடும் நடுவில் இருக்கிற வெளிகளும் ஒன்றோடொன்று ஒட்டி B போல ஆகிவிடும். பெரிதாக்கிப் பார்த்தாலும் பிரயோசனமில்லை, அங்கே எழுத்தே இல்லை.

அதே போனில் எடுத்த மூலப் படம் 4000 புள்ளி அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதே E-க்கு 16 புள்ளி கிடைக்கும், தடையில்லாமல் வாசிக்கலாம். பலகையை இடது பாதி, வலது பாதி என்று நடுவில் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று வருகிற மாதிரி இரண்டாக எடுத்தால் கிட்டத்தட்ட 30 புள்ளி. ஆகவே கேட்பது புதுக் கமெரா இல்லை. இரண்டு படம், அனுப்பும்போது படமாக அல்லாமல் Document என்று அனுப்புவது, அவ்வளவுதான். அது முடியாவிட்டால் குறைந்தது HD என்பதையாவது அழுத்தி அனுப்பலாம்.

அப்புறம் அந்த ரியூப் லைட். பலகைக்கு முன்னால் தொங்குகிற அந்த ஒன்று பலகையில் பட்டுப் பளிச்சென்று தெறிக்கிறது, நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு படத்திலும் நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை. அதற்குள் போன வரியை எந்த ஆப்பாலும் திருப்பி எடுக்க முடியாது, ஏனென்றால் கமெராவுக்கு அது போய்ச் சேரவே இல்லை. படம் எடுக்கிற இடத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எந்த இடத்தில் பளபளப்புத் தெரிகிறதோ அதே இடத்தில்தான் கமெராவுக்கும் தெரியும். அதனால் எடுப்பவர் நேர் நடுவில் நிற்காமல், அந்த வெளிச்சம் எழுத்தை விட்டு விலகும்வரை பக்கவாட்டில் ஓரிரண்டு அடி நகர்ந்தால் போதும். படம் சரிவாக வந்தால் Google Drive-இல் இருக்கிற ஸ்கேன் வசதி நான்கு மூலையையும் பிடித்து நேராக்கிக் கொடுக்கும். ஆனால் அதைக் கறுப்பு வெள்ளையில் வைக்க வேண்டாம். மை குறைந்த பச்சை மார்க்கரால் சேர் போட்ட அம்புக்குறிகள் அதில் மறைந்துவிடும், தொடர்பு வேகத்தில் அம்புக்குறி போனால் பாடமே போன மாதிரி.

ஒவ்வொரு மாதமும் கட்டணத்தை ஐந்தாம் திகதிக்கு முன் கட்டச் சொல்கிறீர்கள், கட்டுகிறோம். ஏசி வேலை செய்யாத நாளிலும் மண்டபம் நிறைய இருந்து படிக்கிறோம். டியூட் முடிந்துவிட்டது, அடுத்த கிழமை வாங்குங்கள் என்றால் அதற்கும் சரி என்கிறோம். கொட்டாஞ்சேனையிலிருந்தும் வத்தளையிலிருந்தும் விடிய வெளிக்கிட்டு வருகிற பிள்ளைகள் பலகையில் இருப்பதை வாசிக்கக்கூடிய மாதிரி வீட்டுக்குக் கொண்டுபோக மட்டும் இத்தனை தடையா? மன்னியுங்கள், கோபத்தில் எழுதிவிட்டேன். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

சேர் பலகையை அழிக்க முதல் ஒரு நிமிஷம் தாருங்கள். அந்த ஒரு நிமிஷம் மட்டும் போன் எடுக்க அனுமதியுங்கள், மற்ற நேரம் பையிலேயே இருக்கட்டும், அதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். பலகையை எடுப்பதால் சேரின் விளக்கம் வெளியே போகாது.

இன்னொன்றும் வேண்டும், அதற்குக் காசு செலவில்லை. ஒவ்வொரு பலகையும் தொடங்கும்போது மேல் மூலையில் பாடம், அலகு, திகதி, எத்தனையாவது பலகை என்று நான்கும் எழுதச் சொல்லுங்கள். இப்போது குழுவில் வருகிற படங்கள் என் போனில் IMG-20260208-WA0012.jpg என்ற மாதிரிப் பெயரில்தான் விழுகின்றன. அந்தப் பெயரில் வருகிற திகதி குறிப்பது வகுப்பு நடந்த நாளை இல்லை, படம் வந்து சேர்ந்த நாளை. நீங்கள் மூன்று நாள் கழித்து அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை இணைந்த கணிதம் புதன்கிழமைப் படமாகிவிடும், அன்றைக்கு வந்த இரசாயனவியல் படங்களோடு கலந்தும் போகும். வட்ஸ்அப் படத்துக்குள் இருக்கிற எடுத்த நேரத்தையும் நீக்கிவிடுவதால் பிறகு தேடிக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. மூலையில் நான்கு சொல் இருந்தால் படத்தைத் திறந்ததும் எந்தப் பாடக் கோப்புறைக்குப் போக வேண்டும், எந்தப் பலகை விடுபட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். பெயரை நாங்கள்

`2026-02-08_IM_ThodarpuVegam_02.jpg`

என்று மாற்றி வைப்போம். வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் தொடங்குவதால் கோப்புறையில் தானாகவே வகுப்பு நடந்த வரிசையில் நிற்கும். அந்தக் கோப்புறையை அலுவலகத்துக்கும் தருகிறோம், வகுப்புக்கு வர முடியாமல் போன பிள்ளைகளுக்கு நீங்கள் கொடுக்கலாம். ஒவ்வொரு படத்திலும் நிலையத்தின் பெயர் இருக்க வேண்டும் என்றால் அதையும் அதே மூலையில் எழுதுங்கள், எங்களுக்கு ஆட்சேபனை இல்லை.

இது எதுவும் முடியாது, படம் அலுவலகம்தான் எடுக்க வேண்டும் என்பது உங்கள் முடிவானால், அதையும் ஏற்கிறோம். ஆனால் பாதி பாதியாக இரண்டு படம், வெளிச்சம் படாமல், அன்றைக்கே, Document-ஆக. எடுத்தவர் அனுப்ப முதல் தன் போனில் பெரிதாக்கி ஆகச் சின்ன எழுத்தை வாசித்துப் பார்க்கட்டும். வாசிக்க முடியாவிட்டால் பலகையை அழிக்க விடாமல் திரும்ப எடுக்கட்டும்.

வரும் ஞாயிறு இதே பாடத்தில் கப்பல்கள் இரண்டுக்கு இடையிலான மிகக் குறைந்த தூரம் காணுகிற கணக்குகள் என்று சேர் சொல்லியிருக்கிறார். அந்தப் பலகையிலிருந்தாவது அந்த ஒரு நிமிஷத்தைத் தருவீர்களா என்று பணிவோடு கேட்கிறோம். பதிலை அறிவித்தல் பலகையில் ஒட்டினாலும் போதும்.

இப்படிக்கு,
ஞாயிறு காலை இணைந்த கணித வகுப்பின் மாணவி ஒருத்தி,
பின் வரிசைகளில் இருக்கும் எல்லோர் சார்பிலும்