கிணற்று நீர் செயலமர்வு: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

ஒக்டோபர் 3, சனிக்கிழமை பின்னேரம் 3 மணிக்குப் பாடசாலை மண்டபத்தில் கிணற்று நீர் பற்றிய செயலமர்வு நடைபெறும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் வளவாளராக வரச் சம்மதித்திருக்கிறார். உங்களுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. புரட்டாதிச் சனி என்பதால் காலை நேரத்தைத் தவிர்த்தோம்.

"தண்ணீரைப் பற்றி ஆரையாவது கூப்பிட்டுப் பேச வையுங்கோ" என்று கூட்டத்தில் பலர் கேட்டீர்கள். அப்படியே அழைப்பு எழுதினால் அவர் எதைத் தயாரித்துக்கொண்டு வருவார்? உவர் ஏறுவதா, கிருமியா, நைத்திரேற்றா? ஒவ்வொன்றுக்கும் ஒரு பின்னேரம் தேவை. ஆகவே நைத்திரேற்றை மட்டும் கேட்டோம். தோட்டத்துப் பசளையிலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் அது இறங்குகிறது. எங்கள் நிலத்தடிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே நீர் அதிகம் வடிபடாமல் கிணற்றுக்குப் போய்விடும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை உள்ள வீடுகள்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

யார் கேட்கப்போகிறார்கள் என்பதையும் அழைப்பில் விரிவாகவே எழுதினோம்: தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளின் பெற்றோர், ஏறத்தாழ 80 பேர், பாதிக்கு மேல் தோட்டக்காரர், பேச்சு தமிழில், 45 நிமிடப் பேச்சும் அதேயளவு கேள்வி நேரமும். இதைச் சொல்லாவிட்டால் வளவாளர் பல்கலைக்கழக மாணவருக்கான படங்களோடு வந்து நிற்பார், அது அவரின் பிழையுமல்ல.

பணம் பற்றிப் பேச எங்களுக்குக் கூச்சம். ஆனால் அதை எழுதாமல் விட்டால் வருபவர்தான் சங்கடப்படுவார். "பேச்சுக்கான கொடுப்பனவு தர எம்மிடம் வசதியில்லை. போக்குவரத்துச் செலவை பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஏற்கும். இது பொருந்தாவிட்டால் தயங்காமல் மறுக்கலாம்" என்று நேரே எழுதினோம். அவர் இரண்டு நாளில் சரி என்று பதில் அனுப்பினார்.

பதிலில் அவர் ஒன்று கேட்டிருக்கிறார். உங்களிடம் பழைய நீர்ப் பரிசோதனை அறிக்கை இருந்தால் பிரதி எடுத்து வாருங்கள். அதில் உள்ள எண் நைத்திரேற்றாகவா, நைத்திரேற்று நைதரசனாகவா, அதாவது அதிலுள்ள நைதரசன் பங்கு மட்டுமாகவா தரப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டுமாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லை, நைத்திரேற்றாக லீற்றருக்கு 50 மில்லிகிராம். நைதரசனாக 15 என்று இருந்தால் சிறிய எண்போலத் தெரியும். அதை 4.4 ஆல் பெருக்கினால் 66 வரும், எல்லையைத் தாண்டிவிட்டது.

போத்தலில் தண்ணீர் கொண்டு வர வேண்டாம், அன்று பரிசோதனை நடக்காது. இணைத்துள்ள துண்டில் கிணறா குழாய்க்கிணறா, மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே எத்தனை அடி, அருகில் என்ன பயிர் என்பதை எழுதி, செப்ரெம்பர் 23 புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். அவற்றைத் தொகுத்து வளவாளருக்கு முன்கூட்டியே அனுப்புவோம்.

இப்படிக்கு,
அதிபர்