சேகருக்கு, நேர்காணலுக்கு முன்னால்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே மழை விட்டபாடில்லை. சின்னவள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

அக்கவுன்ட்ஸ் மேனேஜர் வேலைக்கு நேர்காணல் என்று எழுதியிருந்தாய். பெரிய பலவீனம் என்ன என்று கேட்டால், "எதையும் கச்சிதமாகச் செய்யாமல் விடமாட்டேன்" என்று சொல்லப்போகிறாயாம். வேண்டாம்டா. ஆறு வருஷமாக ஆள் எடுக்கும் மேசையில் உட்காருகிறேன். அந்தப் பதிலைக் கேட்டால் உடனே, "அதனால் கடைசியாக என்ன கெட்டுப்போனது?" என்பேன். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். மனப்பாடம் செய்ததும் தெரிந்துவிடும். அதுவரை யோசித்து யோசித்துப் பேசியவர், இதற்கு மட்டும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்.

உன்னிடம் நிஜமான ஒன்று இருக்கிறதே. போன வருஷம் சப்ளையர்கள் தாக்கல் செய்ததிலிருந்து வரும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலும் உன் கொள்முதல் பதிவேடும் ஒத்துப்போகாமல், 15-ஆம் தேதியிலிருந்து யாரிடமும் சொல்லாமல் தனியாக மல்லுக்கட்டினாய். கடைசியில் பார்த்தால், திருப்பி அனுப்பிய சரக்குக்கு சப்ளையர் போட்ட கிரெடிட் நோட். பர்ச்சேஸில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். 20-ஆம் தேதி போகவேண்டிய 3பி ஜிஎஸ்டி ரிட்டர்ன், 22-ஆம் தேதி போனது. தாமதக் கட்டணம் 100 ரூபாய்தான். ஆனால் வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதக் கணக்கில் வட்டியும் கட்டினீர்கள். முதலாளி கேட்கும்வரை நீ வாயே திறக்கவில்லை.

அதைச் சொல். "சிக்கல் வந்தால் நானே தீர்த்துவிடலாம் என்று நேரத்தில் சொல்லாமல் விடுவேன்" என்று தொடங்கி, நடந்ததைச் சொல். இப்போது அரை நாளில் வித்தியாசம் பிடிபடாவிட்டால் பர்ச்சேஸுக்கும் மேலாளருக்கும் எழுதிவிடுகிறாய் அல்லவா, அதையும் சொல். முழுக்க மாறிவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே. மார்ச் கணக்கு முடிக்கும்போது மறுபடி ஒரு நாள் தாமதித்தேன் என்றாயே, அதை மறைக்காதே. அதைக் கேட்டால்தான் மற்றதையும் நம்புவேன்.

கணக்கில் அடிக்கடி எண் தவறும் என்று இருந்திருந்தால் அந்த வேலையே உனக்குப் பொருந்தாது என்றிருப்பேன். இது அப்படியல்ல. ஆனாலும் மேனேஜருக்கு இது சின்ன விஷயமில்லை. "உங்களுக்குக் கீழே இருப்பவர் இப்படி மறைத்தால்?" என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா என்று இப்போதே யோசி.

வாக்கியங்களை எழுதி வைக்காதே. அந்த நாட்களும் கிரெடிட் நோட்டும் நினைவில் இருந்தால் போதும். வார்த்தை ஒவ்வொரு முறையும் மாறட்டும். ஒரு நிமிஷத்தில் நிறுத்திவிடு. அவர்கள் பேசாமல் இருந்தால் நீ நிரப்பப் பார்க்காதே.

ஞாயிற்றுக்கிழமை மாலை போன் செய்கிறேன். ஊர்க்கதைக்கு நடுவில் திடீரென்று இந்தக் கேள்வியைக் கேட்பேன்.

அன்புடன்,
ரவி