விலங்கியல் துறைக்கு எதற்குக் கணக்குப் புத்தகம்?

மதிப்பிற்குரிய நூலகக் கொள்முதல் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். எங்கள் துறை அனுப்பிய நூல் பட்டியல் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. இந்த முறை ஓரத்தில் பச்சை மையில் ஒரு குறிப்பும் இருந்தது: "புள்ளியியல் நூல்கள் கணிதத் துறைக்கு உரியவை. நூலகத்தில் ஏற்கெனவே உள்ளன." உள்ளன என்பது உண்மைதான், நானே போய்ப் பார்த்தேன். நிகழ்தகவுத் தேற்றங்களை நிறுவும் பாடநூல்கள் அரை அலமாரி நிறைய இருக்கின்றன. ஒரு மீன் தொட்டியை எப்படி எண்ணுவது என்று அவற்றில் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

தொட்டியை எண்ணுவதற்கும் புத்தகம் வேண்டுமா என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

கல்லூரியின் பின்புறம் இருக்கும் ஆறு சிமெண்ட் தொட்டிகள் உங்களுக்குத் தெரியும். போன ஆண்டு தொட்டிக்கு முப்பதாக 180 ஜிலேபி மீன் குஞ்சுகளை விட்டேன். மூன்று தொட்டிகளுக்கு வழக்கமான கடலைப் பிண்ணாக்குத் தீவனம். மற்ற மூன்றுக்கு அதில் ஒரு பங்கைக் குறைத்துத் தேங்காய்ப் பிண்ணாக்கு; நம் மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்! அறுபது நாள் கழித்து ஒவ்வொரு மீனையும் நிறுத்தேன். தேங்காய்ப் பிண்ணாக்குத் தின்ற மீன்களின் எடை சராசரியாக 13.2 கிராம் கூடியிருந்தது, மற்றவற்றுக்கு 11.9 கிராம். வித்தியாசம் 1.3 கிராம்.

எனக்குப் புள்ளியியல் சொல்லித் தந்தவர் யாருமில்லை. முனைவர் பட்டத்துக்கு முந்தைய ஆய்வு முறையியல் தாளில் சூத்திரங்களை மனப்பாடம் செய்து தேறியவள் நான். எல்லோரையும் போல 180 எண்களையும் எடுத்துக்கொண்டு, "டேட்டா அனாலிசிஸ் செய்து தரப்படும்" என்று பலகை மாட்டிய ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். தீவனத்துக்குத் தொண்ணூறு மீன், மீனுக்கு மீன் திட்ட விலக்கம் சுமார் 3 கிராம். டி-மதிப்பு 2.9 என்று வந்தது. வித்தியாசம் தற்செயல் அல்ல என்று சொல்ல அது ஏறத்தாழ 2 தாண்டினாலே போதும். பெருமையாகக் கட்டுரையை அனுப்பி வைத்தேன்.

திரும்பி வந்த கட்டுரையில் மதிப்பீட்டாளர் ஒரே கேள்வி கேட்டிருந்தார்: "உங்கள் சோதனை அலகு மீனா, தொட்டியா?"

அந்தக் கேள்வி எனக்குப் புரியக்கூட இல்லை. அதற்கு விடை தேடித்தான் சனிக்கிழமை தோறும் வடசேரியில் பஸ் ஏறித் திருவனந்தபுரம் போனேன். களியக்காவிளை நெரிசலையும் சேர்த்துப் போக வர ஐந்து மணி நேரம். அங்குள்ள நூலகத்தில் நான் உறுப்பினர் இல்லை என்பதால் புத்தகத்தை வெளியே கொண்டுபோக முடியாது, படம் எடுக்கவும் கூடாது. இரண்டு அத்தியாயங்களை நோட்டில் கையால் எழுதிக்கொண்டு வர நான்கு சனிக்கிழமைகள் ஆயின். ஓலைச்சுவடியைப் படியெடுத்தவர்களின் சிரமம் இப்போது எனக்குத் தெரியும்.

விடை இதுதான். தீவனத்தை நான் மீன் மீனாகக் கொடுக்கவில்லை, தொட்டி தொட்டியாகக் கொடுத்தேன். ஒரு தொட்டி மீன்கள் எல்லாம் ஒரே தண்ணீரையும் ஒரே வெயிலையும் பங்கிட்டவை. முப்பதும் முப்பது தனிச் சாட்சிகள் ஆகா. ஆகவே என்னிடம் இருந்தவை 180 எண்கள் அல்ல, ஆறு தொட்டிச் சராசரிகள்: தேங்காய்ப் பிண்ணாக்குப் பக்கம் 14.2, 13.6, 11.8, மறுபக்கம் 13.1, 11.9, 10.7. இந்த ஆறை வைத்துக் கணக்குப் போட்டால் அதே 1.3 கிராம் வித்தியாசத்துக்குத் திட்டப் பிழை சரியாக 1 கிராம் வருகிறது. அப்போது டி-மதிப்பு 1.3 மட்டுமே. ஆறு தொட்டிக்கு அது 2.78-ஐத் தாண்டியிருக்க வேண்டும். தேங்காய்ப் பிண்ணாக்கு மோசம் என்று இதற்குப் பொருளில்லை. நல்லதா இல்லையா என்று சொல்லும் அளவுக்கு என் சோதனை பேசவில்லை, அவ்வளவுதான். ஜெராக்ஸ் கடைக் கணினியையும் குறை சொல்ல முடியாது. எந்த மீன் எந்தத் தொட்டி என்று அதற்கு யாரும் சொல்லவில்லையே.

இது என் ஒருத்தியின் மடமை என்று நினைத்து வெட்கப்பட்டேன். பிறகு படித்தேன்: ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் 1984-இல் 176 சோதனை ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்து, புள்ளியியல் சோதனை பயன்படுத்தியவற்றில் 48 விழுக்காட்டில் இதே பிழை இருப்பதைக் காட்டி, அதற்குப் போலி மறுசெய்கை என்று பொருள்படும் பெயரும் வைத்திருக்கிறார். நான் பள்ளிக்கூடம் போகும் முன்பே பெயர் சூட்டப்பட்ட பிழை! நம் அலமாரிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அதுதான் அதிகம் வலிக்கிறது. இரண்டு ஓரத் தொட்டிகள் அயினி மரத்து நிழலில் இருக்கின்றன, இரண்டில் நாள் முழுக்க வெயில், இரண்டு நடுத்தரம். வெயிலுக்கு வெயில், நிழலுக்கு நிழல் என்று முதலிலேயே மூன்று ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் நாணயம் சுண்டித் தீவனத்தை முடிவு செய்திருந்தால், வெயிலால் வந்த வேறுபாடு கணக்கிலிருந்து விலகியிருக்கும். அதே ஆறு தொட்டிகளே ஒருவேளை போதுமாக இருந்திருக்கும். நானோ பம்புக்குப் பக்கத்திலிருந்து வசதிப்படி தீவனம் போட்டேன். இப்போது பெரிய எண்ணோடு பெரிய எண்ணைச் சேர்த்து ஜோடி கட்டினால் கணக்கு ஜெயித்துவிடும், போட்டும் பார்த்தேன். ஆனால் அது குலுக்கல் முடிந்த பிறகு சீட்டு எழுதுவது. சோதனை முடிந்தபின் புள்ளியியலாளரிடம் போவது பிணப் பரிசோதனைக்குப் போவது போல, எதனால் செத்தது என்று வேண்டுமானால் சொல்வார் என்று புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் 1938-இல் கல்கத்தா மாநாட்டில் பேசினாராம். என் மீன்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. சோதனைதான் செத்துவிட்டது.

ஆகவே கேட்கிறேன்: இந்த நான்கு நூல்களை வாங்கித் தாருங்கள். ரக்ஸ்டனும் கோல்கிரேவும் உயிரியலாருக்காக எழுதிய சோதனை வடிவமைப்பு நூல், தரவு எடுக்கும் முன்பே படிக்க வேண்டியது. கோமஸ் இருவரின் வேளாண் புள்ளியியல் நூல், நெல் வயல் உதாரணங்களோடு கணக்கைப் படிப்படியாகப் போட்டுக் காட்டுவது. 1954-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட பான்சே, சுகாத்மே நூல். கடைசியாக ஃபிஷரின் 1935 நூல். இது கடினம், முதலில் கையில் எடுத்தால் ஓடிவிடுவார்கள், ஆனால் நாணயம் எதற்குச் சுண்ட வேண்டும் என்பதன் வேர் அதில்தான் இருக்கிறது.

நிதி இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்த ஆண்டு ஒரே போட்டித் தேர்வுக் கையேடு பன்னிரண்டு பிரதி வந்திறங்கியதை நுழைவாயில் அடுக்கில் பார்த்தேன். ஆண்டுக்கு இத்தனை கட்டுரை வெளியிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பத் தாள் இருக்கிறது, அந்தக் கட்டுரையில் எண்ணைச் சரியாக எண்ணப் புத்தகம் இல்லை. நாஞ்சில் நாட்டில் ஏரைக் கொடுக்காமல் விளைச்சலைக் கேட்ட பண்ணையார்கள்கூட இருந்திருக்க மாட்டார்கள்.

கோபத்தில் எல்லை மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு மீண்டும் கேட்கிறேன்: நான்கு நூல்கள், இரண்டிரண்டு பிரதிகள், விலங்கியல், தாவரவியல் மாணவர்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் உரிமையோடு. என்னிடம் இப்போது மூன்று ஆய்வு மாணவிகள். ஒருத்தி அடுத்த மாதம் முட்டம் பாறைகளில் சிப்பி எண்ணப் போகிறாள். பாறையை எண்ண வேண்டுமா சிப்பியை எண்ண வேண்டுமா என்று நேற்று கேட்டாள். என் கையெழுத்து நோட்டைக் கொடுத்திருக்கிறேன், அதில் பாதி அவளுக்குப் புரியவில்லை என்கிறாள். அவள் கடலுக்கு இறங்கும் முன் புத்தகங்கள் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
விலங்கியல் துறை உதவிப் பேராசிரியர் ஒருவர்
நாகர்கோவில்